கடதாசியில் ஓர் அறை

வெறுமையான அறையின் அளவைக் கண்ணால் அறிய முடிவதில்லை. நான்கு சுவர்களும் நடுவே ஒரு தரையுமாகக் கிடக்கும் இடத்திலே, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வேறு பொருள் எதுவும் இல்லாமையால், கண் தன் விருப்பம்போல் ஓர் அளவைக் கற்பித்துக்கொள்கிறது. தளபாடக் கடையிலும் இதுவே நிகழ்கின்றது. உயர்ந்த கூரையின் கீழ், வரிசை வரிசையாக நிற்கும் பெரிய அலுமாரிகளின் நடுவே, நான்கு அடி அகலமான அலுமாரி அடக்கமானதாகத் தோன்றும். அறையைப் பற்றிய தப்புக்கணக்கும் அலுமாரியைப் பற்றிய தப்புக்கணக்கும் ஒன்றையொன்று சந்திப்பது, பணம் கொடுத்து, வண்டியில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிய பின்னர்தான்.

யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று தன் வீட்டின் கிழக்குப் புறத்தில் அண்மையில் ஓர் அறை கட்டியது. அவ்வீட்டு முதியவர் ஓர் இரவு முற்றத்தைக் கடந்து மலகூடத்துக்குச் செல்கையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சைக்குப் பின், நான்கு காலுள்ள சட்டமொன்றைப் பிடித்தபடி மெல்ல நடக்கத் தொடங்கினார். அவருக்கெனவே, குளியலறையோடு இணைந்ததாக இவ்வறை எழுந்தது. பூச்சு வேலை முடிந்து கதவுகள் மாட்டப்படாதிருந்த வேளையில், மகன் கட்டிலையும் மூன்று கதவு அலுமாரியையும் கடையிற் பார்த்துவைத்துவிட்டார். முற்பணம் கொடுக்கப் புறப்பட்டவரை மருமகள் மறித்தார். கணிதம் கற்பிக்கும் ஆசிரியையான அவர் கேட்டது, ஒரு மாலைப்பொழுதும் ஒரு வரைபுத்தாளும் மட்டுமே.

முதலில் அறை அளக்கப்பட்டது. கட்டடக்காரர் அதனை 'பன்னிரண்டுக்குப் பத்து' என்றே குறிப்பிட்டு வந்தார். ஆனால் பூச்சுக்குப் பின், உட்புறமாக, கிழக்கு மேற்காக 11 அடி 10 அங்குலமும், வடக்குத் தெற்காக 9 அடி 10 அங்குலமுமே இருந்தன. சுவர்கள் எங்கும் ஒரே சீராக எழுவதில்லை. ஆகையால் ஒவ்வொரு சுவரின் நீளமும் தரையோரத்தில் ஒரு முறையும் இடுப்பளவு உயரத்தில் ஒரு முறையும் அளக்கப்பட்டு, குறைந்த அளவே எழுதிக்கொள்ளப்பட்டது. பின்னர் மூலைக்கு மூலை குறுக்காக இரு அளவுகள் எடுக்கப்பட்டன. மூலைகள் செங்கோணமாயின் அவ்விரண்டும் சமமாதல் வேண்டும். இங்கு ஒன்று மற்றதைவிட ஒன்றரை அங்குலம் கூடியிருந்தது. அவ்வாறாயின் சுவர், அறையின் அகலத்துக்குள் ஏறத்தாழ ஓர் அங்குலம் சரிந்திருக்கிறது. அத்தகைய அறையிலே இரு சுவர்களுக்கிடையே 'சரியாகப் பொருந்தும்' என்று எதையும் வாங்குதல் ஆகாது. இரண்டு அங்குலமாவது விட்டுவைத்தல் வேண்டும்.

அடுத்தது அளவுத்திட்டம். ஓர் அங்குலத்துக்கு ஒரு மில்லிமீற்றர் என்று மருமகள் வகுத்துக்கொண்டார். தச்சரும் கடைக்காரரும் அடி, அங்குலத்திற் பேசுகின்றனர். வரைபுத்தாளோ மில்லிமீற்றர்க் கட்டங்களால் ஆனது. இவ்வாறு வகுத்துக்கொண்டால் பெருக்கலும் வகுத்தலும் இல்லாமற் போகின்றன. 142 அங்குலச் சுவர் தாளில் 142 மில்லிமீற்றர்க் கோடாகிறது. அறை முழுவதும் ஒரு கொப்பித் தாளுக்குள் அடங்கிவிடுகிறது. வடதிசை அம்புக்குறியால் காட்டப்பட்டது. தெற்குச் சுவரின் நடுவே யன்னல். மேற்குச் சுவரின் வடக்கு ஓரத்தில் வீட்டுக்குள் செல்லும் மூன்று அடி வாசல். கிழக்குச் சுவரில், வடக்கு மூலையிலிருந்து ஓர் அடி தள்ளி, இரண்டரை அடிக் குளியலறை வாசல். கதவுகள் திறக்கும் வழியும் கால்வட்டங்களாக வரையப்பட்டன. கதவு சுவரில் இருப்பினும், திறக்கும்போது அறையின் தரையில் ஒரு பங்கைத் தனதாக்கிக்கொள்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

தளபாடங்கள் தாளில் வரையப்படவில்லை; மட்டையில் வெட்டி எடுக்கப்பட்டன. வரைந்ததை அழித்து அழித்துத் தாள் கிழிவதிலும், வெட்டிய துண்டுகளை நகர்த்திப் பார்த்தல் எளிது. ஆயினும் எந்த அளவில் வெட்டுவது என்பதில் ஒரு பொறி உண்டு. 'ஆறுக்கு நாலு' கட்டில் என்று கடையில் வழங்குவது மெத்தையின் அளவாகும். தலைப்பலகையும் சட்டமும் சேர, மகன் பார்த்துவைத்த கட்டில் 6 அடி 6 அங்குல நீளமும் 4 அடி 4 அங்குல அகலமும் கொண்டிருந்தது. நிலத்திற் பிடிக்கும் இடம் இதுவே. முதியவர் ஒருவருக்கு நாலடிக் கட்டில் எதற்கென்ற கேள்வி எழுந்தது. பேத்தி தினமும் அவரோடுதான் உறங்குவாள் என்ற விடை வந்தது. கட்டிலின் அகலம் அதனோடு முடிவாயிற்று.

மகன் மனத்தில் வைத்திருந்த ஒழுங்கு முதலிற் பரப்பப்பட்டது. வடக்கே தலைவைத்துப் படுத்தல் வழக்கமில்லை. எனவே தெற்குச் சுவரில் தலைப்பலகையை அணைத்து, இருபுறமும் வழிவிட்டு, கட்டில் நடுவே கிடந்தது. கிழக்குச் சுவரோரமாக அலுமாரி. மேற்குப் பக்கத்தில் முதியவருக்குப் பிரியமான சாய்மனைக் கதிரை. துண்டுகள் எல்லாம் தாளுக்குள் அடங்கின. 'இடம் காணும்' என்று மகன் மகிழ்ந்தார்.

இடம் கண்டது பொருள்களுக்கு மட்டுமே. அறைப்படம் ஒன்றில் தளபாடங்களை வைத்தபின் மனிதர் நடக்கும் வழியையும் கோடாக வரைந்து பார்க்கவேண்டும் என்பதை, ஜேர்மனியிற் பணியாற்றிய கட்டடக் கலைஞர் அலெக்சாந்தர் கிளைன் 1928 இல் வெளியிட்ட தம் ஆய்வில் வற்புறுத்தினார். வீட்டுப் படங்களில் நடைவழிகளைக் கோடுகளாக இட்டு, அவை எங்கே ஒன்றையொன்று வெட்டுகின்றன, எங்கே முடங்குகின்றன என்பதைக் கொண்டே அவர் வீடுகளை மதிப்பிட்டார். இங்கும் அவ்வாறு, கட்டிலிலிருந்து குளியலறை வாசல் வரை ஒரு கோடு இடப்பட்டது. கட்டிலுக்கும் கிழக்குச் சுவருக்கும் இடையே 45 அங்குலம் இருந்தது. அதில் அலுமாரியின் ஆழம் 24 அங்குலத்தை எடுத்துக்கொண்டது. எஞ்சியது 21 அங்குலம். முதியவரின் நடைச்சட்டத்தின் அகலமோ இரண்டு அடி. முழங்கைகளும் தடையின்றி அசைய மூன்று அடி வேண்டும். எந்தப் பயணத்துக்காக அறை கட்டப்பட்டதோ, அந்தப் பயணத்தின் முதல் அடியிலேயே வழி அடைபட்டிருந்தது.

அவ்வேளையில், அருகிருந்த முதியவர் தாளை வாங்கிப் பார்த்து, "இதிலை நான் நடக்கிற வழி எது, பிள்ளை?" என்று கேட்டார். மருமகள் கோட்டைக் காட்டி, "கட்டிலாலை எந்தப் பக்கத்தாலை எழும்புவியள், மாமி?" என்று திருப்பிக் கேட்டார். வலப்பக்கத்தால் என்பது விடை. தெற்கே தலைவைத்து மல்லாந்து படுப்பவருக்கு வலப்பக்கம் கிழக்காகும். குளியலறை இருப்பதும் அத்திசையிலேயே. ஆகவே பாதுகாக்கப்படவேண்டியது கிழக்குப் பக்கம் என்பது தெளிவாயிற்று.

அலுமாரித் துண்டு மேற்குச் சுவருக்கு மாற்றப்பட்டது. அதன் கதவுகள் ஒவ்வொன்றும் 16 அங்குலம். திறந்து நின்று உடுப்பெடுக்க 22 அங்குலம் விடப்பட்டது. குறுகிய இடம்தான், எனினும் அங்கே நிற்கப்போவது மருமகளேயன்றி முதியவரல்லர். கட்டில் ஓர் அங்குலம் மட்டுமே கிழக்கே நகர்ந்தது. கட்டிலுக்கும் கிழக்குச் சுவருக்கும் இடையே 44 அங்குலம், குளியலறை வாசல் வரை நேராகத் திறந்து கிடந்தது. ஆனால் சாய்மனைக் கதிரைக்கு இடமில்லாமற் போயிற்று. அதனை எந்த மூலையில் வைத்தாலும் அதன் நீண்ட கைகள் ஏதாவதொரு வழியை மறித்தன. அது விறாந்தையிலேயே இருக்கட்டும் என்று முதியவரே தீர்ப்புக் கூறினார்.

மற்றொரு தவறு கதவின் கால்வட்டத்தில் வெளிப்பட்டது. குளியலறைக்குள் எவரேனும் விழுந்துவிட்டால், உட்புறமாகத் திறக்கும் கதவை அவருடைய உடலே அடைத்துக்கொள்ளும். ஆகையால் அக்கதவு அறைப்பக்கமாகத் திறக்கவேண்டும் என்று முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. ஆனால் பிணைச்சல் எந்தப் பக்கத்து நிலையில் என்பதை எவரும் எண்ணவில்லை. கட்டிலை அண்டிய பக்கத்தில் மாட்டினால், திறந்த கதவு 30 அங்குலம் நீட்டி நின்று, 44 அங்குல வழியில் 14 அங்குலத்தையே மிச்சம் வைக்கும். வடக்குப் பக்கத்தில் மாட்டினால், கதவு மூலைப்பக்கமாக ஒதுங்கி வழிவிடும். கதவு இன்னும் மாட்டப்படாமையால் இம்மாற்றத்துக்குச் செலவு ஏதுமில்லை. மாட்டிய பின்னராயின், நிலையைக் கொத்தி, மீண்டும் பூசி, நிறந்தீட்ட வேண்டியிருந்திருக்கும்.

தரைப்படம் சொல்லாதவையும் உள. அதற்கு உயரம் தெரியாது. அதனால் யன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 3 அடி என்பதை மருமகள் ஓரத்தில் எழுதிவைத்தார். கடையிற் பார்த்த கட்டிலின் தலைப்பலகை மூன்றரை அடியாதலால், உயரங் குறைந்த தலைப்பலகையே தெரிவுசெய்யப்பட்டது. மின்குமிழின் ஆளி வீட்டு வாசலருகே இருந்தது. கட்டிலிலிருந்து கைக்கு எட்டாது. இரவில் இருளில் எழும்ப நேராதிருக்க, தெற்குச் சுவரில் இருந்த மின்செருகியின் முன்னே மருந்து வைக்கும் ஒன்றரை அடி மேசையும் அதன்மேல் ஒரு மேசைவிளக்கும் குறிக்கப்பட்டன. மேசைக்கும் கிழக்கு மூலைக்கும் இடையே நிமிர்ந்த கைக்கதிரை ஒன்றுக்கு இடம் கிடைத்தது. அலுமாரி வாசலின் உயரமே இருந்தமையால், அதனைப் படுக்கவைத்து உள்ளே கொண்டுவந்து பின்னர் நிமிர்த்தவேண்டும். அதற்கு வெறுந்தரை தேவை. எனவே அலுமாரி முதலிலும் கட்டில் பின்னரும் வரவேண்டும் என்ற வரிசையும் தாளில் எழுதப்பட்டது.

இறுதியாக, தாளில் இருந்தவை வெண்கட்டியால் சீமெந்துத் தரையில் முழு அளவில் வரையப்பட்டன. முதியவர் கட்டிலென்று கீறிய கோட்டின் ஓரத்தில் ஒரு கதிரையில் இருந்து, எழுந்து, சட்டத்தைப் பிடித்தபடி குளியலறை வாசல் வரை நடந்து திரும்பினார். எந்தக் கோட்டையும் சட்டத்தின் கால்கள் தொடவில்லை. அதன் பின்னரே முற்பணம் கொடுக்கப்பட்டது.

பொருள்கள் எங்கே நிற்கும் என்பதை அறியவே தரைப்படம் வரையப்படுகிறது என்று பொதுவாகக் கருதுகின்றனர். உண்மையில் அது காட்டுவது பொருள்களுக்கிடையே எஞ்சும் இடத்தையே. கடையில் எந்தச் சீட்டிலும் எழுதப்படாத அளவு அது ஒன்றுதான். அவ்வறையில் அது 44 அங்குலம்.