பழைய நோட்டும் இரண்டரை அங்குல ஓரமும்

எலக்ட்ரிக்கல் பிரிவில் மெஷின்ஸ் பேப்பர் யார் யாரைப் படுத்தி எடுத்தது என்று உங்களுக்கே தெரியும். என் அறைத் தோழனுக்கு அது ஒன்றுதான் அரியர். அதை முடித்தால்தான் சான்றிதழ். சான்றிதழ் வந்தால்தான் ஒரு கம்பெனியில் சொல்லி வைத்திருக்கும் அப்ரண்டிஸ் இடம். ஒரே நோட்டை மூன்று தடவை படித்துவிட்டுப் போனான். "படிக்கிறப்ப எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்குடா, ஹாலுக்குப் போனா ஒண்ணும் வரல" என்பான். அந்த 'தெரிஞ்ச மாதிரி'தான் வில்லன்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் 1950-களில் மாணவர்களுக்காக அமைத்த குறிப்பு முறை ஒன்று உண்டு. அவர் சொன்னது வகுப்பில் உட்கார்ந்து எழுதுவதற்கு. நாங்கள் அதை வைத்து, எழுதி முடித்த நோட்டையே பிரித்துக் கட்டினோம்.

ஏ-4 தாளில் இடது ஓரத்திலிருந்து இரண்டரை அங்குலம் விட்டு ஒரு கோடு. அடியில் இரண்டு அங்குலம் விட்டுக் குறுக்கே இன்னொரு கோடு. வலப்பக்கம் பாடம், இடப்பக்கம் கேள்வி, அடியில் சுருக்கம். கோடு போட ஒரு நிமிஷம் ஆகாது. கஷ்டம் அதற்கப்புறம்தான்.

முதலில் டி.சி. மோட்டாரின் மூன்று முனை ஸ்டார்ட்டரை எடுத்தோம். பழைய நோட்டில் நாலு பக்கம். அப்படியே காப்பி அடித்தால் கைவலிதான் மிச்சம். ஆகவே படத்தையும், காரண காரியம் உள்ள வரிகளையும் மட்டும் வலப்பக்கம் இறக்கினோம். மோட்டார் நிற்கும்போது பேக் ஈ.எம்.எஃப். கிடையாது. 220 வோல்ட், ஆர்மேச்சர் தடை 0.5 ஓம் என்றால் நேராகப் போட்ட நொடியில் 440 ஆம்பியர் பாயும். முழு லோடுக்கே 20 ஆம்பியர் எடுக்கும் மோட்டார் அது. அதனால் முதலில் தடையைத் தொடரில் சேர்த்து, வேகம் ஏற ஏறப் படிப்படியாக விலக்குகிறோம்.

பிறகு இடப்பக்கம். நண்பன் முதலில் எழுதியது 'நோ-வோல்ட் காயில்'. அது தலைப்புதானே, கேள்வி இல்லையே! தலைப்பைப் பார்த்தால் தலை ஆட்டத் தோன்றும், பதில் சொல்லத் தோன்றாது. அதை அடித்துவிட்டு, 'ஓடும்போது ஃபீல்டு கம்பி அறுந்தால் கைப்பிடி என்ன ஆகும்?' என்று எழுதினோம். இப்போது வாயைத் திறந்தே ஆக வேண்டும். காயில் ஃபீல்டோடு தொடரில் இருக்கிறது. கரண்ட் நின்றால் காந்தம் விட்டுவிடும். ஸ்பிரிங் கைப்பிடியை ஆஃபுக்கு இழுத்துவிடும். மோட்டார் கண்மண் தெரியாமல் வேகமெடுக்காமல் தப்பிக்கும்.

அடுத்த வரியில்தான் மாட்டிக்கொண்டோம். நோட்டில் 'இதில் குறை உண்டு, ஆகவே நான்கு முனை ஸ்டார்ட்டர்' என்று ஒரே வரி. இடப்பக்கம் 'என்ன குறை?' என்று போட்டோம். வலப்பக்கம் பதிலே இல்லை! மூன்று தடவை படித்தும் கண்ணில் படாத ஓட்டை அது. புத்தகத்தைப் புரட்டினோம். வேகத்தைக் கூட்ட ஃபீல்டு ரியோஸ்டாட்டில் தடையைக் கூட்டினால் ஃபீல்டு கரண்ட் குறையும். அதே கரண்ட்தானே காயிலிலும்? காந்தம் பலவீனமாகி, ஒரு கோளாறும் இல்லாமலே கைப்பிடி விழுந்துவிடலாம். நான்கு முனையில் காயிலுக்குத் தனித் தடம், நேரே லைனிலிருந்து. "அப்ப ஃபீல்டு அறுந்தா அது விடாதே மச்சான்?" என்றான் நண்பன். ஆமாம், விடாது. அந்த வசதிக்கு அதுதான் விலை. இந்தக் கேள்வி எந்த நோட்டிலும் இல்லை, அவனாகக் கேட்டது. அதையும் இடப்பக்கம் ஏற்றினோம்.

அடிச் சுருக்கத்தைக் கடைசியில், வலப்பக்கத்தை மூடிக்கொண்டு எழுத வேண்டும். அவன் எழுதியது இது: 'ஆரம்பக் கரண்டைத் தடை அடக்குகிறது. மூன்று முனையில் காயில் ஃபீல்டை நம்பி இருக்கிறது, நான்கு முனையில் லைனை.' மூன்று வரிக்கு மேல் போனால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

நாலு பக்கம் ஒன்றரைப் பக்கமானது. சுமார் ஒன்றேகால் மணி நேரம். மறுநாள் வலப்பக்கத்தைத் தாளால் மறைத்து, கேள்வியைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னோம். தடுக்கிய கேள்விக்குப் பென்சிலால் ஒரு புள்ளி. மூன்று நாள் கழித்துப் புள்ளி வைத்தவை மட்டும், ஒரு வாரம் கழித்து எல்லாம். பேப்பர் முழுவதையும் இப்படிச் செய்ய நேரம் போதாது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் பதினோரு தலைப்பை மட்டும் செய்தோம்.

பரீட்சை எழுதிவிட்டான். மலர் அச்சுக்குப் போகிறவரை ரிசல்ட் வரவில்லை.

மேத்ஸுக்கும் இதே கோட்டைப் போட்டுப் பார்த்தோம், சரிப்படவில்லை. இன்டக்ரேஷன் கணக்கை வலப்பக்கம் எழுதி மூடித் திறந்தால் விடைதான் மனப்பாடம் ஆகிறது, போடுகிற கை வருவதில்லை. அதற்கு ரஃப் நோட்டும் புதுக் கணக்கும்தான்.