நூலைப் பிடித்தவன் மட்டுமா?

போன ஆடி மாசம் எங்க ஊரில் நடந்ததை எழுதுகிறேன். யார் பேரையும் எழுதவில்லை. அந்தப் பையன் ஏழாம் வகுப்புதான் படிக்கிறான், அவனை யாரும் கேலி பண்ணக் கூடாது.

ஆடிக் காத்து எங்க மலையில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நாலு பையன்கள் சேர்ந்து சாமைக் கொல்லை மேட்டில் பட்டம் விட்டார்கள். மேட்டுக்குக் கீழே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பலா மரம். பட்டம் போய் மரத்தில் மாட்டிக்கொண்டது. நூலின் ஒரு முனை மரத்தில், ஒரு முனை பையன் கையில். நடுவில் ரோடு. அவன் பட்டத்தைக் காப்பாத்த நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்தான்.

அப்போதுதான் இறக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. கீழே இருந்து வந்து தவணைக்குப் பாத்திரம் விற்கிற அண்ணன் அவர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 11 மீட்டர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்தில் மெல்லிய நூல் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பிரேக் பிடிக்க நேரம் இல்லை. நூல் அவர் கழுத்தில் பட்டு ரம்பம் மாதிரி இழுத்துவிட்டது. சாதாரண பருத்தி நூலாக இருந்தால் அந்த இழுப்புக்குப் பட்டென்று அறுந்திருக்கும். இது நைலான் நூல், மேலே கண்ணாடித் தூள் பூசியது. நூல் அறுபடவில்லை, கழுத்துதான் அறுபட்டது. வண்டியோடு விழுந்துவிட்டார்.

ஓடி வந்தவர்களில் ஒருத்தர் துண்டை எடுத்துக் கழுத்தைச் சுத்திக் கட்டப் போனார். நல்ல வேளையாக எங்க ஊர் நர்ஸ் அக்கா வந்துவிட்டார்கள். "கழுத்துல கட்டக் கூடாது, மூச்சு அடைக்கும். சுத்தமான துணிய வச்சு வெட்டு மேல மட்டும் அழுத்திப் பிடிங்க, கைய எடுக்காதீங்க" என்றார்கள். அப்படியே பிடித்துக்கொண்டு வேனில் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தையல் போட்டார்கள். வெட்டு ஆழமாகப் போகாததால் பிழைத்தார்.

பத்து நாள் கழித்து அவர் கழுத்தில் கட்டோடு ஊருக்கு வந்தார். கோயில் முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். நான் பாட்டியோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர் செலவுக் கணக்கைச் சொன்னார். வேன் வாடகை 1,800 ரூபாய். மருந்து, கட்டு 1,400. வண்டி ரிப்பேர் 2,600. பத்து நாள் வியாபாரம் போனது நாளுக்கு 600 வீதம் 6,000. மொத்தம் 11,800 ரூபாய்.

ஒரு பெரியவர் உடனே, "நூலு எவன் கையில இருந்துச்சோ அவன் ஊட்டுலதான் கட்டணும்" என்றார். நிறைய பேர் தலையாட்டினார்கள். பையனோட அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போயிருந்தார். அம்மா மட்டும் எழுந்து நின்று, "ரெண்டு ஆடு இருக்குது. வித்துத் தந்துடறேன்" என்றார்கள். அந்த ரெண்டு ஆட்டைத் தவிர அவர்கள் வீட்டில் விற்க எதுவும் இல்லை. பையன் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

இன்னொருத்தர், "வண்டிக்காரர் ஹெல்மெட்ட டேங்க் மேல தானே வச்சிருந்தார்? அவர் மேலயும் தப்பு இருக்குது" என்றார். அதற்கு அந்த அண்ணன், "ஐயா, போடாதது தப்புதான். ஆனா வெட்டு கழுத்துல. ஹெல்மெட் தலையத்தானே மூடும்?" என்றார். ஊர்க்கவுண்டர் தாத்தா அதைச் சரி என்று ஒத்துக்கொண்டார்.

அப்போது எங்க பாட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கேள்வி கேட்டார்கள். "இந்த நூலு நம்ம மலையில எந்தக் கடையிலயும் இல்ல. மேல எப்பிடி வந்துச்சு?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பையன்களில் ஒருத்தனோட மாமா சென்னையில் கட்டட வேலை செய்கிறார். அவர்தான் வாங்கி வந்திருக்கிறார். "புள்ளைங்க கேட்டாங்க, வாங்கியாந்தேன். கடையில உள்ள போய் எடுத்துவந்து பேப்பர்ல சுத்திக் குடுத்தான். எனக்கு என்ன தெரியும்?" என்றார். தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேப்பர்ல சுத்தி மறைச்சுக் குடுத்தப்பவே இது ஆகாத சரக்குன்னு பெரிய மனுஷன் உனக்குத் தெரிய வேணாமா? பன்னெண்டு வயசுப் பையனுக்குத் தெரியணும்னு சொல்றமே!" என்றார். மாமா தலை குனிந்துகொண்டார்.

அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். 2017இலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இந்த மாதிரி நைலான் நூலையும் கண்ணாடி பூசிய நூலையும் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. வெறும் பருத்தி நூலில்தான் பட்டம் விடலாம். அப்படியும் 2019 நவம்பரில் சென்னை கொருக்குப்பேட்டையில் அப்பாவோடு பைக்கில் போன 3 வயதுக் குழந்தை மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து இறந்துபோனது. குஜராத்தில் பொங்கல் சமயத்தில் பட்டத் திருவிழா நடக்கும்போது பைக் முன்னால் வளைத்த கம்பி கட்டிக்கொண்டு போகிறார்கள். நூல் முதலில் கம்பியில் தட்டட்டும் என்றுதான்.

கடைசியில் தீர்ப்பு இப்படி ஆனது. நூல் வாங்கி வந்த மாமா பாதி, அதாவது 5,900 ரூபாய். கூட இருந்த மூணு பையன்கள் வீட்டில் ஆளுக்கு 1,000, மொத்தம் 3,000. நூலைப் பிடித்திருந்த பையன் வீட்டில் 2,900, அதுவும் அப்பா வந்தபிறகு கொடுத்தால் போதும். கூட்டினால் சரியாக 11,800 வருகிறது. ஆடு ரெண்டும் பிழைத்தது. தாத்தா இன்னொன்றும் சொன்னார்: "தம்பி, இது செலவுக்கு மட்டும்தான். நீ போலீசுக்குப் போகணும்னா போ, நாங்க தடுக்கக் கூடாது, தடுக்கவும் மாட்டோம்." அவர் போகவில்லை. பையனைக் கூப்பிட்டு, "ரோடு பக்கம் விடாத கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

தீர்ப்பு நியாயம்தான். ஆனால் ஒரு ஆள் மட்டும் ஒரு ரூபாயும் கட்டவில்லை. அவர் அந்தக் கடைக்காரர். எங்க ஊர்ப் பெரியவர்கள் சொல் மலைக்குக் கீழே போகாது. அங்கே போலீஸ்தான் போக வேண்டும்.

மீதி நூலை எரித்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். பருத்தி நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு உருகி, கெட்டியான சின்ன மணியாக ஆனது. உங்க வீட்டில் இருக்கிற பட்ட நூலில் ஒரு விரல் நீளம் வெட்டிப் பெரியவர்களிடம் கொடுத்துக் கொளுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மணி ஆனால் அது அந்த நூல். மரத்தில் அப்படி ஒன்று தொங்கினால் வெறும் கையால் இழுக்காதீர்கள், குச்சியில் சுத்தி எடுங்கள். கரண்டுக் கம்பியில் தொங்கினால் கிட்டவே போகாதீர்கள்.

பலா மரத்தில் அந்தப் பட்டத்தின் வால் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி