தக்காளியின் அளவு

பொமோடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற பல்கலைக்கழக மாணவர், படிப்பில் மனம் ஒட்டாமல் தவித்தபோது, தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறை டைமர் ஒன்றைத் திருகி வைத்துப் படிக்க ஆரம்பித்தார். அந்தப் பெயரே முறைக்கும் நிலைத்துவிட்டது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் 15இலிருந்து 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு. முறை இவ்வளவுதான்.

என் வயதுக்காரர்கள் பலரைப் போல நானும் இதை ஹாஸ்டலில், தேர்வுக்கு முந்தைய வாரத்தில்தான் கற்றுக்கொண்டேன். பழைய தேர்வுத்தாள்களைப் போட்டுப் பார்க்க 25 நிமிடம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. காரணம் எளிது. ஒரு கேள்விக்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். மணி அடிக்கும்போது கேள்வியும் முடிந்திருக்கும். பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனால் பின்னால் எதுவும் இழுக்காது. வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அதே சட்டை அக்குளில் பிடிக்க ஆரம்பித்தது.

நான் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர். கட்டடத்தின் எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று கணக்குப் போடுவது என் வேலை. ஒரு பழைய கடைவீட்டில் கீழ்த்தளத்துச் சுவரை எடுத்துவிட்டு அங்கே ஓர் இரும்பு உத்திரம் வைக்க வேண்டியிருந்தது. நீளம் 6 மீட்டர். இரண்டு முனைகளும் பக்கத்துச் செங்கல் சுவர்கள் மேல் உட்காரும். கணினி மாடலை வேறொருவர் செய்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைச் சரிபார்க்கும் வேலை என் மேசைக்கு வந்தது.

இந்த மாதிரி வேலையில் முதலில் கட்டடத்தையே தலைக்குள் ஏற்ற வேண்டும். கூரை எதன் மேல் நிற்கிறது, மாடித் தளம் எந்தப் பக்கமாகப் பரவுகிறது, மேல்மாடிச் செங்கல் சுவரின் எடை எங்கே விழுகிறது, இதில் எதெல்லாம் இந்த ஒரு உத்திரத்துக்கு வந்து சேர்கிறது. எனக்கு இதற்கே 12 நிமிடம் பிடித்தது. தாளில் நேரம் குறித்து வைத்திருந்ததால் தெரியும். அதற்கப்புறம்தான் கணக்கே. முதல் நாள் காலை 25 நிமிடச் சுற்றுகளாகப் பார்த்தேன். முதல் சுற்றில் ஏற்ற 12 நிமிடம் போக, கையில் இருந்தது 13. மணி அடித்து, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், விட்ட இடத்தைத் திரும்பப் பிடிக்க இன்னொரு 7 நிமிடம். மூன்றாவது சுற்றிலும் அதே 7. ஆக 75 நிமிடத்தில் 26 நிமிடம் ஏறி இறங்குவதிலேயே கழிந்தது. அதைவிட முக்கியமான விஷயம் வேறு. கூரையிலிருந்து செங்கல் சுவர் வரை எடையை ஒரே மூச்சில் பின்தொடர எனக்கு 20 நிமிடத்துக்குமேல் வேண்டும். மூன்று சுற்றில் எதிலும் அவ்வளவு நீளமான ஒற்றைத் துண்டு கிடைக்கவில்லை.

மதியம் 50 நிமிடமும் 10 நிமிட ஓய்வுமாக மாற்றினேன். முதல் சுற்றில் எடையெல்லாம் கூட்டி வந்த எண், மீட்டருக்கு 30 கிலோநியூட்டன். உத்திரத்தில் ஒவ்வொரு மீட்டரிலும் சுமார் 3 டன் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முனைகள் சும்மா சுவர்மேல் உட்கார்ந்திருந்தால், நடுவில் உத்திரத்தை வளைக்கும் விசையின் அளவு `wL²/8`. அதாவது 30 × 36 ÷ 8 = 135. மாடல் நடுவில் காட்டியதோ 50க்கும் குறைவு. 45ஆவது நிமிடத்தில் கணக்கை நிறுத்திவிட்டு, தாளில் ஒரே வரி எழுதினேன்: "அடுத்து: முனைகள் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்." பிறகுதான் எழுந்தேன்.

திரும்பி வந்து அந்த வரியிலிருந்தே ஆரம்பித்ததில், ஏறுவதற்கு 2 நிமிடம்கூட ஆகவில்லை. மாடலில் உத்திரத்தின் இரண்டு முனைகளும் துளியும் திரும்பாதபடி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்தன. அப்படிப் பிடித்தால் நடுவில் `wL²/24`, அதாவது 45. முனைகளில் `wL²/12`, அதாவது 90. கணக்கு அச்சாகப் பொருந்தியது. ஆனால் பழைய செங்கல் சுவருக்கு இரும்பை அப்படி இறுக்கிப் பிடிக்கிற வலு ஏது? 90க்குத் தேர்ந்தெடுத்த உத்திரத்துக்கு நிஜத்தில் 135 வரும். தொய்வு இன்னும் மோசம், மாடல் காட்டியதைப் போல 5 மடங்கு. மேல்மாடிச் சுவரில் விரிசல் விழ அது போதும்.

இப்போது எழுதினால் நாலு வரி. 30 என்ற எண்ணுக்கு நம்பிக்கையோடு வந்து சேர்வதுதான் வேலையின் பெரும்பகுதி. அது துண்டு துண்டாக நடக்காது.

அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் ஓர் ஆய்வும் இருக்கிறது. சோஃபி லெராய் என்பவர் 2009இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று காட்டினார். பின்னால் அவரும் இன்னொருவரும் சேர்ந்து செய்த ஆய்வில், எழுவதற்கு முன்னால் எங்கே விட்டோம், திரும்பி வந்து என்ன செய்யப் போகிறோம் என்று சுருக்கமாகக் குறித்து வைத்தால் அந்த ஒட்டல் குறைகிறது என்று தெரிந்தது. ஓய்வில் வாட்ஸ்அப்பைத் திறக்கக்கூடாது என்பதற்கும் எனக்கு இதுதான் காரணம். ஒழுக்கப் போதனை எல்லாம் இல்லை. குடும்பக் குழுவில் சித்தப்பா ஏதோ கேட்டிருப்பார், பதில் பாதியில் நிற்கும், அந்தப் பாதியும் என்னோடு மேசைக்கு வந்துவிடும். ஜன்னல் ஓரம் நின்று கார் பார்க்கிங்கை வெறித்துப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

50 நன்றாக இருந்தால் 90 இன்னும் நன்றாக இருக்குமே என்றும் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரம் தாண்டியதும் என்னிடம் ஒரு மாற்றம் வருகிறது. நன்றாக ஓடும்போது, மாடலில் ஒரு எண்ணை மாற்றினால் விடை கூடுமா குறையுமா என்று முதலில் சொல்லிக்கொண்டுதான் ரன் கொடுப்பேன். களைத்த பிறகு சொல்லாமலேயே கொடுப்பேன். விடை வந்த பிறகு "ஆமா, இப்படித்தான் இருக்கும்" என்று தலையாட்டுவேன். எதிர்பார்ப்பு இல்லாமல் இரண்டு தடவை ரன் கொடுத்துவிட்டேன் என்றால் மணி அடிக்கக் காத்திருப்பதில்லை, எழுந்துவிடுவேன். சிரில்லோவே நல்ல சுற்று 20இலிருந்து 35 நிமிடம், மிஞ்சிப்போனால் 40 என்றுதான் எழுதியிருக்கிறார். என்னுடைய 50 அவர் கோட்டைத் தாண்டியதுதான். ஆனால் அதை இந்த வகை வேலைக்கு மட்டுமே வைத்திருக்கிறேன்.

ஏனென்றால் இன்னொரு வகை வேலைக்கு 25கூட அதிகம். கம்பி டிராயிங்குகளைச் சரிபார்ப்பதைச் சொல்கிறேன். கணக்கில் `T16-150` என்று இருக்கும். 16 மில்லிமீட்டர் கம்பி, 150 மில்லிமீட்டருக்கு ஒன்று. டிராயிங்கில் `T16-200` என்று வந்திருந்தால் இரும்பில் கால்வாசி காணாமல் போய்விட்டது என்று பொருள். இந்த மாதிரி ஒரு ஷீட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஏறக்குறைய எல்லாமே சரியாகவும் இருக்கும். ஆபத்தே அதுதான். இங்கே தலைக்குள் ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை. கண்தான் களைக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் புள்ளிகளைத் தவறவிட்டதை ஒட்டி, நார்மன் மேக்வொர்த் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் ஒரு சோதனை நடத்தினார். ஒரு முள் படிப்படியாக நகரும். எப்போதாவது ஒரே தாவலில் இரண்டு படி போகும். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், 2 மணி நேரம். 1948இல் வெளியான முடிவு: முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கண்டுபிடிப்பது குறைந்துவிட்டது. கம்பி டிராயிங்கும் அந்த முள் மாதிரிதான். அதனால் 20 நிமிடம், பிறகு 5 நிமிடம் தூரத்தில் எதையாவது பார்ப்பது. திரும்பி வந்ததும் கடைசியாக டிக் போட்ட ஐந்தை மறுபடியும் பார்க்கிறேன். அதில் ஏதாவது ஒன்றைப் பார்த்த ஞாபகமே இல்லை என்றால், என் பேனா கண்ணுக்கு முன்னால் ஓட ஆரம்பித்துவிட்டது. அடுத்த சுற்று 15 நிமிடம்தான்.

எங்கள் அலுவலகத்தில் வரைபடம் வரையும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், பலகையில் கையால் வரைந்த காலத்து ஆள். நான் டைமரைத் திருகி வைப்பதைப் பார்த்துச் சிரிப்பார். "நாங்க டிரேசிங் பேப்பர்ல மையில வரைஞ்சோம் தம்பி. மை காயாம ஸ்கேல நகத்தினா இழுவிரும். காயற வரைக்கும் கைய எடுத்துட்டு சும்மா நிக்கணும். அப்ப நிக்கும்போதுதான் எங்க தப்புன்னு கண்ணுல படும்." இதைக் கேட்டதிலிருந்து எனக்கு டைமர்மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்துவிட்டது. கணினியில் எதுவும் காயக் காத்திருக்க வேண்டியதில்லை. நின்றுபோன அந்த இடைவெளியைத்தான் நான் பேட்டரி போட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

சைட்டில் இதெல்லாம் செல்லாது. கான்கிரீட் லாரி வந்துவிட்டால் அது இறுகும் வேகம்தான் கடிகாரம். "அண்ணே, 5 நிமிஷம்" என்று அதனிடம் சொல்ல முடியாது. அலுவலகத்திலும் பாஸ் வந்து "ஒரு நிமிஷம் வாங்க" என்றால் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த நிமிஷத்திலும் ஒரு வரி கிறுக்க நேரம் இருக்கிறது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டே எழுதிய வரிகள் என் நோட்டில் நிறைய உண்டு. பாதிக்கு மேல் எனக்கே புரியாத கையெழுத்து.

இரவில் வீட்டில் எழுதும்போது அளவு மறுபடி மாறுகிறது. முதல் வரைவுக்கு 15 நிமிடம். அங்கே எதிரி களைப்பு இல்லை, தயக்கம். 15 நிமிடத்துக்கு மோசமாக எழுத யாருக்கும் தைரியம் வரும். மூன்றாவது பத்தியில் ஓட ஆரம்பித்துவிட்டால் மணியை அணைத்துவிட்டுத் தொடர்வேன். அடித்தே தீர வேண்டும் என்று அந்த மணிக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. திருத்துவதற்கு 40 நிமிடம், அதுவும் மறுநாள். எழுத்துப்பிழை பார்ப்பது கம்பி டிராயிங் மாதிரியேதான், 20.

நாவலுக்கு மட்டும் டைமர் வைப்பதில்லை. ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். பக்கங்கள் கூடின. ஆனால் எந்தப் பக்கத்திலும் காதில் ஒரு பாதி மணிக்காகத் திறந்தே இருந்தது. இப்போது நாவல் எடுத்தால் டைமர் சமையலறைக்குப் போய்விடும். அங்கே அம்மா அதை முட்டை அவிக்கப் பயன்படுத்துகிறார். 9 நிமிடம்.