இரு வாய்க்கால்கள்

ஓமன் நாட்டின் நிஸ்வா நகரில் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றினேன். அங்குள்ள பேரீச்சந்தோப்புகளுக்கு நீர் தருவது ‘பலஜ்’ எனும் பழங்கால வாய்க்கால். அந்நீரை நேரத்தால் பங்கிடுவர். ஒரு பங்கு ஏறத்தாழ அரைமணி. பகலில் நட்டகோலின் நிழலையும் இரவில் விண்மீன்களையும் கொண்டு முறை கணித்த மரபு அது. அதைக் காணுந்தோறும் கம்பம் பள்ளத்தாக்கே நினைவில் எழும். மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பிய முல்லைப் பெரியாறு அணையைப் பற்றியும், 1895இல் அதைக் கட்டி முடித்த பென்னிகுயிக்கைப் பற்றியும் பேசிப்பேசி உடனுழைத்தோரை அலுப்பூட்டியிருக்கிறேன்.

2022இல் திரும்பினேன். நான் புறப்பட்டபோது ஓடிய மீட்டர்பாதைத் தொடர்வண்டி 2010இன் இறுதியில் நின்றுபோய், அகலப்பாதையில் அவ்வாண்டு மே மாதந்தான் தேனிக்கு மீண்டிருந்தது.

முதல்போகத்திற்கு நீர் திறந்தனர். வரப்பில் நின்று, நம் முறை எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

“மேல்மடை நிறைந்தால் நமக்கு வரும், பெரியப்பா. இதற்குப் போய்க் கடிகாரமா?” என்று சிரித்தான் தம்பி மகன்.

ஊரில் என் பெயர் ‘மஸ்கட்காரர்’. நிஸ்வாவில் இருந்தவன் என்றால் எவர் கேட்கிறார்? அங்கேயோ இறுதிநாள்வரை நான் ‘ஹிந்தி’. அரபியில் அது இந்தியரைக் குறிக்கும் சொல்.

இரவில் முறை பார்க்க எழுகிறேன். மேற்கு மலையின் சாரல்மேகம் மூடியிருக்கிறது; விண்மீன் ஒன்றும் தெரிவதில்லை. மடையில் நீர் விழும் ஓசை மாறியதும் தம்பி மகன் தானாக விழித்து மண்வெட்டியை எடுக்கிறான். அந்த மாற்றம் என் செவிக்கு இன்னும் பிடிபடவில்லை.