ஒயர் கழன்றா வால்வு எந்தப் பக்கம் போகும்?

இன்பிளான்ட் ட்ரெய்னிங்ல ஒரு சீனியர் டெக்னீஷியன் கேட்டார்: "வெப்பம் கக்குற ரியாக்டரோட கூலிங் வாட்டர் வால்வு, காற்று நின்னா எப்படி இருக்கணும்?" "ஃபெயில் ஓப்பன் சார்"னு உடனே சொல்லிட்டேன். சரிதான். காற்று போனா ஸ்பிரிங் திறந்துவிடும், தண்ணி நிக்காது.

அடுத்த கேள்வியிலதான் மாட்டினேன். அந்த வால்வு 4 மில்லியாம்ப்ல திறந்திருக்கும், 20-ல மூடும். ஆபரேட்டருக்கோ ஸ்க்ரீன்ல 100 சதவீதம்னா முழுசா திறந்திருக்கணும். "பொசிஷனரை ரிவர்ஸ் பண்ணிடலாம் சார்."

அவர் வொர்க்‌ஷாப்ல இருந்த ஒரு பழைய அனலாக் பொசிஷனரை அப்படியே ரிவர்ஸ்ல வெச்சார். காற்றை நிறுத்தினார், வால்வு திறந்தது. எனக்குப் பெருமை. திரும்பக் காற்றைக் கொடுத்துட்டு, சிக்னல் ஒயரை மட்டும் கழற்றினார்.

வால்வு இறுக்கமா மூடிக்கிச்சு!

யோசிச்சுப் பாருங்க. ரிவர்ஸ்ல சிக்னல் குறையக் குறைய காற்று கூடும். ஒயர் அறுந்தா சிக்னல் பூஜ்யம், ஆக்சுவேட்டருக்கு முழுக் காற்று. ஸ்பிரிங் தோத்துடும். ரியாக்டருக்குத் தண்ணி கிடையாது.

பொசிஷனரை டைரக்ட்லயே விட்டு, கன்ட்ரோலர் அவுட்புட்டைத் தலைகீழாக்கினா ரெண்டு பிரச்சினையும் தீரும். இப்போ டேட்டாஷீட்ல 'ஃபெயில் ஓப்பன்'னு பார்த்தா, எது ஃபெயிலானான்னு தேடுறேன்.