அப்பத்தா புத்தகத்துக்கு அட்டைப்படம்: தலைப்புக்கு எங்கே இடம்?

வீட்டுப் பெரியவங்க சொன்ன கதைகளைச் சொந்தச் செலவுல புத்தகமா போடுற வழக்கம் இப்ப கூடிட்டு வருது. எல்லாரும் கடைசியா மாட்டிக்கிற இடம் அட்டை. பழைய போட்டோ ஒன்னை அப்படியே வச்சு, அது மேலேயே தலைப்பையும் போட்டா யாரோ ஒருத்தர் நெத்தியில எழுத்து உட்கார்ந்திருக்கும். போட்டோவைப் பார்த்து வரைஞ்சா இதைத் தவிர்க்கலாம். ஓபி முடிஞ்ச சாயங்காலங்கள்ல எங்க அப்பத்தா புத்தகத்துக்கு நான் வரைஞ்சதை வச்சே சொல்றேன். சின்ன இழைதான்.

எங்ககிட்ட இருந்தது 6 இன்ச் அகலம், 4 இன்ச் உயரத்துல ஒரு ஸ்டுடியோ போட்டோ. நாற்காலியில அப்பத்தாவும் தாத்தாவும், மடியில எங்க அப்பா, பின்னாடி பெரியப்பா. வலது ஓரத்துல ரெண்டடி தள்ளி, ஆறு வயசு அத்தை. மறு வருஷமே காய்ச்சல்ல போயிட்டாங்க. அவங்க இருக்கிற ஒரே படம் இதுதான்.

போட்டோ படுக்கை வாக்கு, அட்டையோ நெட்டு வாக்கு. டெம்மி சைஸ்னா 5.5 இன்ச் அகலம், 8.5 இன்ச் உயரம். போட்டோவைப் பெருசாக்கி அட்டையை நிரப்பினா முதல்ல வெட்டுப்படுறது ஓரத்துல நிக்கிறவங்கதான். எங்க வீட்டுல அது அத்தை.

அதனால ஸ்கேன் பண்ணி, ஆட்களைத் தனித்தனியா பிரிண்ட் எடுத்து, அத்தையை நாற்காலி பக்கத்துல நகர்த்தி ஒட்டினேன். இடைவெளியைக் குறைக்கலாம், யாரையும் நீக்கக் கூடாது, புதுசா சேர்க்கவும் கூடாது. எனக்கு நானே வச்சுக்கிட்ட விதி இது. இப்ப எல்லாரும் 4.5 இன்ச் அகலத்துல அடங்கிட்டாங்க. உயரம் சுமார் 4 இன்ச். கீழே முக்கால் இன்ச் தரை, அதுல பேர் வரும். மேலே மூனரை இன்ச்சுக்கு மேல காலி. தலைப்பு அங்கேதான். அதாவது இடத்தை முதல்ல அளந்துட்டு, அப்புறம் ஆட்களை உட்கார வைக்கணும்.

ஸ்கேன் 600 டிபிஐ வைங்க. மொபைல்ல எடுத்தா பழைய பேப்பரோட பளபளப்பு முகத்துல விழும். ஒட்டின படத்தை அட்டையைவிட ஒன்றரை மடங்கா பெருசாக்கி ஏ3 தாள்ல அச்செடுத்தேன். நண்பர் ஒருத்தர் கிளினிக்கை மூடினப்ப கொடுத்த பழைய எக்ஸ்ரே வியூ பாக்ஸ் வீட்டுல இருக்கு. 14க்கு 17 இன்ச் ஃபிலிம் வைக்கிற பெட்டி, ஏ3 கச்சிதமா உட்காரும். அது இல்லைன்னா பகல்ல ஜன்னல் கண்ணாடி போதும். நாலு பக்கமும் அட்டைக் கோட்டைத் தாண்டி அரை சென்டிமீட்டராவது வண்ணம் போகட்டும். அச்சகத்துல ஓரம் வெட்டுவாங்க.

அந்தக் காலி இடத்தைப் பார்த்தா கை அரிக்கும். ஸ்டுடியோ திரையில இருந்த தூண், படிக்கட்டெல்லாம் மேல வரைக்கும் இழுக்கத் தோணும். வேண்டாம். தலைக்கு மேல திரையை மெல்ல மங்க வச்சு, ஒரே சீரான வண்ணமா விட்டுடுங்க. தமிழுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா நம்ம எழுத்துல புள்ளி இருக்கு. சொரசொரப்பான வண்ணத்து மேல 'அப்பத்தா'ன்னு போட்டுப் பார்த்தேன். தூரத்துல 'அபபததா'ன்னுதான் தெரிஞ்சுது! 'கி'க்கு மேல சுழி, 'கு'க்குக் கீழ வால்னு நம்ம எழுத்து ரெண்டு பக்கமும் நீளும். ரெண்டு வரித் தலைப்புன்னா வரிகளுக்கு நடுவுலயும் தாராளமா இடம் வேணும்.

தலைப்பைப் படத்துலயே கையால எழுதிடாதீங்க. தலைப்பு கடைசி நாள்லயும் மாறும். டிரேசிங் பேப்பர்ல எழுதி மேல வச்சுப் பாருங்க. அச்சுக்குப் படம் தனி, எழுத்து தனியா போகட்டும்.

அத்தை முகம்தான் கஷ்டம். படம் எடுக்கும்போது குழந்தை தலையை ஆட்டியிருக்கு, முகம் கலங்கிப் போச்சு. பெரியப்பா பொண்ணு அதே ஜாடைதான், அவளைப் பார்த்து வரைஞ்சிடுன்னு வீட்டுல சொன்னாங்க. எனக்கு மனசு ஒப்பலை. அப்படி வரைஞ்சா அது வேற ஒருத்தி. தலை, ரெட்டைச் சடை, பாவாடை எல்லாம் தெளிவா வரைஞ்சு, முகத்தை மட்டும் லேசான வண்ணக் கழுவலா விட்டேன். கலங்கினது கலங்கினதாவே இருக்கட்டும். மத்தவங்க முகத்தையும் ரொம்பத் தீட்டாம அதே மென்மையில வச்சேன், அப்பதான் ஒன்னு மட்டும் துருத்திக்கிட்டு நிக்காது.

அச்சுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி நிஜ அளவுல ஒரு பிரிண்ட் எடுத்து, அதே சைஸ் புத்தகம் ஒன்னுல சுத்திப் பாருங்க. முதுகு ஓரத்துல அரை இன்ச் மடிப்புல போயிடும், அங்கே ஆள் இருக்கக் கூடாது. நான் சுத்தி அப்பத்தா கையில கொடுத்தேன். தலைப்பைப் பார்க்கவே இல்லை. விரலால அத்தை காலைத் தடவி, "ஏய்யா, இவளுக்குக் கொலுசு போட்டிருந்தேனே" ன்னாங்க. போட்டோவுல கால் இருட்டு, ஒன்னும் தெரியாது. பெத்தவ சொல்றா. பென்சிலை எடுத்து ரெண்டு கோடு சேர்த்தேன்.