‘நன்றி’ என்று வரும் மின்னஞ்சல்

இணையம் மூலம் துணிமணி விற்கும் ஒரு கடைக்கு வருகின்ற முறைப்பாட்டு மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது எனது வேலை. அங்கே RT என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கிறோம். ஒரு மின்னஞ்சல் வந்ததும் அது ‘ரிக்கற்’ ஒன்றாகப் பதிவாகி, ஓர் இலக்கம் பெறும். ஆஸ்பத்திரியில் தரும் இலக்கத் துண்டைப் போலத்தான். அந்த இலக்கம் கடிதத்தின் தலைப்பில் ஒட்டிக்கொண்டே போவதால், வாடிக்கையாளர் மறுபடி எழுதினாலும் அது பழைய ரிக்கற்றிலேயே வந்து சேரும்.

ஒரு பெண், சேலைக்குக் கட்டிய பணம் இரண்டு தடவை கழிபட்டுவிட்டது என்று எழுதியிருந்தார். ரிக்கற்றின் நிலை new. வங்கிச் சிட்டையை அனுப்பும்படி நான் பதில் எழுதியதும் அது open ஆனது. இனி அவர்தான் எழுதவேண்டும் என்பதால் stalled என்று மாற்றி வைத்தேன். சிட்டை வந்ததும் மென்பொருள் தானாகவே அதை open ஆக்கியது. மேலதிகப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு resolved என முடித்தேன்.

மறுநாள் அதே ரிக்கற் மீண்டும் open! முடிந்த ரிக்கற்றுக்கு யார் பதில் எழுதினாலும், அது வெறும் நன்றியானாலும், மென்பொருள் திறந்துவிடும். அதற்கு வாசிக்கத் தெரியாதல்லவா? இப்படி இருபது நன்றிகள் சேர்ந்தால், உண்மையில் காத்திருப்பவரின் கடிதம் அவற்றுக்குள் மறைந்துபோகும்.

‘நன்றி’ என்ற சொல்லைக் கண்டால் தானாக மூடும்படி ஒரு விதி போட்டுவிடலாமே என்று எங்களோடு வேலைசெய்யும் தம்பி ஒருவர் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பலர் முதற் கடிதத்திலேயே ‘முற்கூட்டிய நன்றிகள்’ என்று எழுதி முடிக்கிறார்கள். அவர்களது ரிக்கற் தொடங்கமுன்னரே மூடப்பட்டுவிடும். பதிற் கடிதத்தின் அடியில் நாங்கள் எழுதிய பழைய கடிதமும் ஒட்டிக்கொண்டு வரும். அதிலும் ‘நன்றி’ இருக்கும்.

அந்தப் பெண்ணின் கடிதத்தையே பாருங்கள்: “மிக்க நன்றி, பணம் வந்துவிட்டது. ஆனால் சேலை இன்னும் கிடைக்கவில்லை.” விதி போட்டிருந்தால் முதற் சொல்லோடு கதை முடிந்திருக்கும். சேலை எங்கே என்று கேட்ட அவருக்குப் பதிலே போயிராது.

ஆகவே கடைசி வரிவரை வாசித்துவிட்டே மூடுகிறேன். நன்றி மட்டும் இருந்தால் பதில் எழுதாமல் resolved என மாற்றுவேன். ‘நல்லது அக்கா’ என்று நான் ஒன்று எழுத, அவர் இன்னொன்று எழுத, ரிக்கற் திரும்பவும் திறந்துகொள்ளும்! புதிய பிரச்சினை இருந்தால் அதற்கு வேறு ரிக்கற் திறந்து, பழையதோடு இணைத்துவிடுவேன். சேலைக்கும் அப்படியே செய்தேன். பணம் பற்றியது அன்றே மூடப்பட்டது; சேலை பற்றியது, பொதி அவர் கைக்குக் கிடைத்த நாள்வரை திறந்தே இருந்தது.